கொல்லைத் தோட்டத்தின் பிளானிலிருந்து நிஜக் காட்சி வரை: பிளெண்டரில் முழுமையான வழிகாட்டி

காகிதத்தில் இருக்கும் தோட்ட பிளானைக் கொல்லை வாசலில் நின்று பார்ப்பது போன்ற படமாக மாற்றும் வேலை இது. பாதை, உயரவாரியாக அடுக்கிய செடிகள், உட்காரும் இடம் மூன்றும் அதில் தெரிய வேண்டும். மென்பொருள் பிளெண்டர், இலவசமாகக் கிடைப்பது. பொருளை நகர்த்த, நீட்ட, நகலெடுக்கத் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

எடுத்துக்காட்டுக்குக் கும்பகோணம் பக்கத்து வீடு ஒன்றை வைத்துக்கொள்வோம். வடக்குப் பார்த்த வீடு, தெற்கே கொல்லை. கிழக்கு மேற்கில் 24 அடி, வடக்கு தெற்கில் 48 அடி. கொல்லைக் கதவு மேற்குச் சுவரிலிருந்து 9 அடியில் இருக்கிறது. அதற்கு நேரே 16 அடி தள்ளி ஒரு கேணி. கடைக்கோடியில் ஒரு வேம்பு, அதன் அருகே கல் பெஞ்சு போட வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் செடியில் தொடங்குகிறார்கள். அழகான செடி மாடல்களை இறக்கி, பிளானில் வட்டம் போட்ட இடத்திலெல்லாம் நட்டுவிட்டு, கடைசியில் கேமராவைத் தேடுகிறார்கள். அப்போதுதான் முன்னால் நிற்கும் செடி பெஞ்சை மறைப்பதும், தரை மேஜை போலத் தட்டையாக இருப்பதும் தெரியவரும். அளவு, தரை, கேமரா, பாதை, வெயில், அதன் பிறகு செடி என்ற வரிசையில் போனால் திரும்பச் செய்யும் வேலை குறையும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிளானில் மூன்று விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: வடக்குக் குறி, இரண்டு திசையிலும் குறைந்தது ஓர் அளவு, தரை மட்டங்கள். முதல் இரண்டும் பொதுவாக இருக்கும். மூன்றாவது அநேகமாக இருக்காது. டியூப் லெவலோடு போய் வீட்டுத் தளம், கதவடி, கேணியடி, கடைசிச் சுவரடி ஆகிய நான்கு இடங்களில் மட்டம் எடுத்தால் போதும். இந்த வீட்டில் தளம் தரையை விட 2 அடி உயரம். கதவடியிலிருந்து தெற்குச் சுவர் வரை தரை 4 அங்குலம் சரிகிறது.

பிளானை ஸ்கேன் செய்வது நல்லது. போனில்தான் எடுக்க முடியும் என்றால் தாளைத் தரையில் விரித்து, நேர் மேலிருந்து எடுங்கள். சாய்வாக எடுத்த படத்தில் ஒரு பக்கம் சுருங்கியிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, அளவில் தெரியும்.

இவற்றோடு இடத்தின் படங்களும் வேண்டும். மதில் சுவரின் நிறம், மண், பக்கத்து வீட்டு மரங்கள் என்று பத்துப் பதினைந்து படங்கள். மதிலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளியே வெறும் வானம் இருந்தால், தோட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் படம் பொட்டலில் எடுத்தது போலிருக்கும்.

2. பிளானை அளவுக்குக் கொண்டுவருதல்

`Scene Properties > Units` பகுதியில் `Imperial` தேர்ந்தெடுங்கள். கொத்தனார் அடியில்தான் பேசுவார், படமும் அடியிலேயே இருக்கட்டும். இதன் பிறகு அளவுப் பெட்டிகளில் `3'6"` என்று அப்படியே தட்டலாம்.

எண்பலகையில் 7 அழுத்தி மேலிருந்து பார்க்கும் நிலைக்கு வந்து, `Add > Image > Reference` வழியாகப் பிளானைக் கொண்டுவாருங்கள். வடக்கு, பச்சை அச்சின் மேல்நோக்கிய பக்கம், அதாவது `+Y` பார்த்திருக்க வேண்டும். பின்னால் வெயிலைக் கணக்கிடும்போது இதைத்தான் நம்பப்போகிறோம்.

இப்போது அளவு நாடாக் கருவியால், பிளானில் 48 அடி என்று எழுதியிருக்கும் மதிலை அளந்து பாருங்கள். திரையில் 12 அடி காட்டினால், படத்தைத் தேர்ந்தெடுத்து `S`, `4`, `Enter`. உடனே 24 அடிப் பக்கத்தையும் அளக்க வேண்டும். அது 24 அடிக்கு மிக அருகில் வந்தால் சரி. 23 அடி சொச்சம் காட்டினால் போட்டோ கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு திசையில் மட்டும் இழுத்துச் சரிசெய்ய முயல வேண்டாம், மீண்டும் எடுத்துவிடுங்கள். கோணல் படத்தில் ஓரம் சரியானாலும் நடு சரியாகாது.

சரியானதும் `Outliner` பட்டியலில் அந்தப் படத்தைச் சுட்டியால் தேர்ந்தெடுக்க முடியாதபடி பூட்டுங்கள். பாதி வேலையில் தெரியாமல் அது நகர்ந்துவிட்டால், எது சரி எது தவறு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

3. தரையும் தண்ணீரும்

தட்டையான ஒரு பரப்பை 24க்கு 48 அடியில் போட்டு, அதைச் சிறு கட்டங்களாகப் பிரியுங்கள். கதவடி மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, தெற்கு விளிம்பை 4 அங்குலம் இறக்குங்கள். இடையில் உள்ளவை சீராகச் சரியட்டும். 4 அங்குலம் படத்தில் தெரியவா போகிறது என்று தோன்றும். தனியாகத் தெரியாது. ஆனால் பாதையின் ஓரக்கல் தரைக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது இதை வைத்துத்தான் வருகிறது, அது நன்றாகவே தெரியும்.

டெல்டாவில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. இங்குள்ள வண்டல் களிமண் ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீரைச் சீக்கிரம் உள்ளே விடாது. அதனால் தரை முடிந்ததும் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். தோட்டத்தை மூடும் அளவுக்கு இன்னொரு தட்டையான பரப்பைப் போட்டு, அதற்கு நீல நிறம் கொடுத்து, சாய்க்காமல் `Z` அளவை `-2"` என்று வையுங்கள். நம் தோட்டத்தில் கதவிலிருந்து 24 அடிக்கு அப்பால் எல்லாம் நீலமாகிவிடும். பெஞ்சு இருக்கும் இடம் முழுக்க அதற்குள் போகிறது.

பெஞ்சைத் தரையிலேயே வைத்துப் படம் போட்டுக் கொடுத்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். முதல் மழைக்காலத்திலேயே யாரும் அங்கே போக முடியாது. ஆகவே உட்காரும் மேடையைத் தரையிலிருந்து 6 அங்குலம், பாதையை 3 அங்குலம் உயர்த்துவோம். கடைக்கோடியில் தரை மைனஸ் 4 அங்குலம் என்பதால் பாதையின் முகம் மைனஸ் 1 அங்குலத்தில் நிற்கும், நீலத்துக்கு ஓர் அங்குலம் மேலே. மேடை 2 அங்குலம் பிளஸ். பாதையிலிருந்து மேடைக்கு 3 அங்குலப் படி ஒன்று வந்துவிடுகிறது. இருட்டில் கால் தட்டும் உயரம் அது. அந்த ஓரத்தில் மட்டும் செங்கல் நிறத்தை மாற்றிக் காட்டுங்கள், நேரில் கட்டும்போதும் அப்படியே கட்டலாம். சோதனை முடிந்ததும் நீலப் பரப்பை மறைத்து வையுங்கள், அழித்துவிட வேண்டாம். வீட்டார் கேட்கும்போது காட்டலாம்.

4. எங்கே நின்று பார்க்கிறோம்

செடிக்கு முன் கேமராவை முடிவு செய்வதற்குக் காரணம் இருக்கிறது. எது முன்வரிசை, எது பின்வரிசை என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. வீட்டார் தினமும் தோட்டத்தைப் பார்க்கும் இடம் எதுவோ, அதுதான் கேமராவின் இடம். இங்கே கொல்லைக் கதவு நிலைப்படி. தளம் 2 அடி, நிற்பவரின் கண் மட்டம் சுமார் 5 அடி, ஆக `Z` அளவு 7 அடி.

சுழற்சியில் `X` 90, `Z` 180 என்று கொடுத்தால் கேமரா நேராகத் தெற்கே பார்க்கும். `X` 90ஆகவே இருக்கட்டும். தரை அதிகம் தெரிய வேண்டும் என்று கேமராவைக் கீழே சாய்த்தால் மதிலும் மரமும் விரிந்து சரிந்து நிற்கும். சாய்ப்பதற்குப் பதில் கேமரா பண்புகளில் `Shift Y` அளவைச் சிறிது குறையுங்கள். பார்வை கீழே இறங்கும், செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே இருக்கும்.

`Focal Length` 50 என்று வரும். சிறிய கொல்லைக்கு அது போதாது, 24 முதல் 28 வரை வையுங்கள். 18க்குக் கீழே போகாதீர்கள். ஓரத்தில் இருக்கும் செடிகள் இழுபடும், 24 அடித் தோட்டம் கல்யாண மண்டபத் திடல் போலத் தெரியும். வீட்டார் படத்தைப் பார்த்து மகிழ்வார்கள், வேலை முடிந்த பிறகு இடம் சுருங்கிவிட்டதாகக் கேட்பார்கள்.

இரண்டாவது கேமரா ஒன்றைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில், வீட்டைப் பார்த்து வையுங்கள். மேடையிலிருந்து 3 அடி 10 அங்குலம். அது வெறும் சோதனைக்கு. உட்கார்ந்தால் பார்வையில் படுவது பூச்செடியா, கழிவுநீர்க் குழாயா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

5. பாதை

இருவர் சேர்ந்து நடக்க 4 அடி வேண்டும். கதவிலிருந்து தெற்கே இறங்கி, கேணி குறுக்கே நிற்பதால் கிழக்கே வளைந்து, மேடையில் முடிகிறது. பாதை வளைந்தால் வளைவுக்கு ஒரு காரணம் கண்ணில் பட வேண்டும். இங்கே கேணி இருக்கிறது. வெறும் புல்லுக்கு நடுவே பாம்பு போல வளைவது பிளானில் அழகு, நேரில் எல்லோரும் குறுக்கே நடந்து புல்லைத் தேய்த்துவிடுவார்கள்.

பிளானின் மேல் பாதையின் வெளிக்கோட்டைப் புள்ளி புள்ளியாக வரைந்து, `F` அழுத்தி மூடி, மேலே உயர்த்துங்கள். இதுதான் கல்லுக்கு அடியிலிருக்கும் மெத்தை. அதன் மேல் கல்லைத் தனித்தனியாக வைக்க வேண்டும். பாதை முழுவதையும் ஒரே பரப்பாக விட்டு, கல் படத்தை ஒட்டிவிடுவதுதான் அதிகம் காணப்படும் தவறு. வெயில் சாய்வாக விழும்போது கல் இடுக்கில் நிழல் விழ வேண்டும். ஒட்டிய படத்தில் அது விழாது, பாதை பிளாஸ்டிக் பாய் போலக் கிடக்கும்.

2 அடிக்கு 2 அடி கடப்பா கல்லை, ஒரு வரிசைக்கு இரண்டாக, ஓர் அங்குல இடைவெளியில் வைப்போம். கல்லுக்கு 2 அங்குலக் கனம், விளிம்பில் கால் அங்குல `Bevel`. விளிம்பைக் கொஞ்சமாவது மழுக்காவிட்டால் ஓரத்தில் வெளிச்சக் கோடு விழாது, அது விழாத கல் கல்லாகத் தெரியாது. நகலெடுக்க `Shift D` அல்ல, `Alt D`. அப்போதுதான் ஒரு கல்லைத் திருத்தினால் எல்லாம் திருந்தும். ஒவ்வொரு கல்லையும் ஒரு டிகிரிக்குள் இப்படி அப்படித் திருப்பி, சிலவற்றை நூலளவு ஏற்றி இறக்குங்கள். பாதை சுமார் 33 அடி நீளம். கல்லும் இடைவெளியும் சேர்ந்து 25 அங்குலம் என்றால் 16 வரிசை, 32 கல். வளைவில் வெட்டுக் கல் வரும். அதை மறைக்காமல் காட்டுங்கள், கல் போடுபவரும் வெட்டித்தான் ஆக வேண்டும்.

6. உட்காரும் இடமும் சாயங்கால வெயிலும்

மேடை 9 அடிக்கு 8 அடி, சிமெண்ட் போடாமல் மணலில் பதித்த செங்கல், ஏனென்றால் வேம்பின் வேர் பக்கத்திலேயே இருக்கிறது. பெஞ்சு 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், உட்காரும் உயரம் 17 அங்குலம், வடக்கே வீட்டைப் பார்த்து. எதிரே குறைந்தது 3 அடி வெறுமையாக இருக்கட்டும். அளவு சரியா என்று பார்க்க ஐந்தரை அடி உயர மனித உருவம் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்துங்கள். 3 அங்குலக் கனக் கருங்கல் பலகை என்றால் 140 கிலோ அளவுக்கு வரும். அதைத் தூக்கி வர வழி இருக்கிறதா என்பதையும் இதே படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வெயில். `Sun Position` என்ற துணைக்கருவியில் அட்சரேகை 10.96, தீர்க்கரேகை 79.38, நேர மண்டலம் 5.5 என்று கொடுத்து, ஒரு `Sun` விளக்கோடு இணையுங்கள். வெளிநாட்டுப் பாடங்களைப் பார்த்து வெயிலை எப்போதும் தெற்கிலிருந்து அடிக்க விடுபவர்கள் உண்டு. நம் ஊரில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கேதான் நிற்கும். டிசம்பரில் தெற்கே இறங்கி, உச்சியிலும் 56 டிகிரி அளவுக்குத்தான் ஏறும். தெற்குக் கொல்லைக்கு இது பெரிய வித்தியாசம்.

மே 20, மாலை நாலரை மணி என்று வையுங்கள். மக்கள் கொல்லையில் உட்கார நினைக்கும் நேரம் அது. சூரியன் 27 டிகிரி உயரத்தில், மேற்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி நிற்கும். எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு நீளும்.

வேம்பின் தண்டு பெஞ்சுக்கு 5 அடி மேற்கே, 3 அடி தெற்கே நிற்கிறது. கிளை கழித்துக் கழித்து இலைக்கூட்டம் 12 அடிக்கு மேல்தான் தொடங்குகிறது, தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் 8 அடிக்குப் பரந்திருக்கிறது. மத்தியானம் பன்னிரண்டுக்கு வைத்துப் பார்த்தால் பெஞ்சு முழு நிழலில் இருக்கும். பிளான் வரைந்தவர் அதை நம்பித்தான் அங்கே வைத்திருப்பார். நாலரைக்கு மாற்றியதும் நிழல் பெஞ்சைத் தாண்டி 24 அடி தள்ளிப் போய், பக்கத்து வீட்டு மதில் மேல் விழுகிறது. கிளைக்கு அடியில் புகுந்த வெயில் உட்கார்ந்தவர் கன்னத்தில் நேராக அடிக்கிறது.

தீர்வு பெரிய மரம் அல்ல, கிட்டத்தில் ஒரு நடுத்தர உயரச் செடி. உட்கார்ந்தவரின் தலை மட்டம் 4 அடி என்று கொண்டால், 7 அடிச் செடியின் மிச்ச உயரம் 3 அடி. அது 6 அடி தூரம் வரைதான் அந்தத் தலை மட்டத்தில் நிழல் தரும். ஆகவே பெஞ்சின் நடுவிலிருந்து 4 அடி மேற்கே, ஓரடி வடக்கே தள்ளி நந்தியாவட்டை வைக்கலாம். மர நிழலைத் தாங்கும், ஆறேழு அடி வளரும். இதைச் செடி மாடல் தேடுவதற்கு முன்பே, 7 அடி உயரத்தில் ஒரு வெறும் உருளையை வைத்துச் சோதித்துவிடுங்கள். உருளையை ஓரடி நகர்த்திப் பார்ப்பது சுலபம், பத்தாயிரம் இலையோடு நகர்த்துவது சிரமம்.

7. செடிகளை அடுக்குதல்

முதலில் எல்லாச் செடிகளையும் வெறும் உருளை, கோளமாகவே வையுங்கள். கிழக்கு மதிலோரப் பாத்தி 7 அடி அகலம், 22 அடி நீளம். மூன்று அடுக்குக்கு 6, 7 அடி வேண்டும். 3 அடிப் பாத்தியில் மூன்றடுக்கைத் திணித்தால் படத்தில் நிறைவாக இருக்கும், நட்ட ஆறே மாதத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

மதிலை ஒட்டி இரண்டு வாழைக் கொத்து, நடுவே ஒரு பவளமல்லி, 7 அடிக்கு ஒன்றாக. அதற்கு முன்னால் செம்பருத்தியும் இட்லிப்பூவும், மூன்றரை அடிக்கு ஒன்றாக ஆறு. பாதையோரம் நித்தியகல்யாணி, ஒன்றேகால் அடி இடைவெளியில் இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று மாறி நிற்கும்படி. மூன்று அடுக்கும் ரயில்வே ஸ்டேஷன் தோட்டம் போல நேர்கோட்டில் நின்றால் படிக்கட்டு மாதிரி இருக்கும். ஒரு செம்பருத்தியை முன்னால் இழுத்துப் பாதையோரம் வரை விடுங்கள், வேறோரிடத்தில் நித்தியகல்யாணி பின்னால் உள்ளே புகட்டும். ஒன்றையொன்று பாதி மறைக்கும்போதுதான் கண் ஆழத்தை உணர்கிறது.

கேமராவுக்கு மிக அருகிலும் ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் படத்தின் அடிப்பாகம் வெறும் தரையாக விரியும். இந்த வீட்டில் துளசி மாடம் அந்த வேலையைச் செய்கிறது. கதவிலிருந்து 6 அடியில், சட்டத்தின் வலது ஓரத்தில்.

எந்த வயதுச் செடியைக் காட்டுவது என்பதை வீட்டாரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நாங்கள் காட்டச் சொல்வது இரண்டு வருடம் கழித்துள்ள அளவு. வாழை அதற்குள் பக்கக்கன்று விட்டுக் கொத்தாகியிருக்கும், செம்பருத்தி 5 அடி தொட்டிருக்கும். முழுதாக வளர்ந்த தோட்டத்தைக் காட்டி, நர்சரியிலிருந்து ஒரு சாண் கன்றுகளை இறக்கினால் சண்டைதான் வரும். முடிந்தால் நட்ட அன்றைய நிலையையும் அதே கேமராவில் இன்னொரு படமாகக் கொடுங்கள். செடிகளைத் தனித் தொகுப்பில் வைத்திருந்தால் அளவைக் குறைத்து மறுபடி ரெண்டர் செய்வது அதிக வேலையில்லை.

8. உருளையை எடுத்துவிட்டுச் செடியை வைத்தல்

நித்தியகல்யாணி, புல் போன்ற தரைச் செடிகளை மட்டும் `Geometry Nodes` வழியாகத் தூவுங்கள். `Distribute Points on Faces` முனையில் `Poisson Disk` தேர்ந்தெடுத்து, `Distance Min` ஒன்றேகால் அடி. பிறகு `Instance on Points`. இதற்கு நான்கைந்து வகைக் கொத்துகளை ஒரு தொகுப்பில் வைத்து, சுழற்சியை முழு வட்டத்துக்கும், அளவை 0.8 முதல் 1.15 வரைக்கும் ஏறுக்கு மாறாக விடுங்கள். தூவிய செடி ராட்சத உருவில் வந்தாலோ நசுங்கி வந்தாலோ, மூலப் பரப்பின் அளவு மாற்றம் பதியாமல் இருக்கிறது. `Ctrl A`, `Scale` கொடுத்தால் சரியாகும். புதரையும் வாழையையும் கையால்தான் வைக்க வேண்டும். அவை எங்கே நிற்கின்றன என்பதை நாம் கணக்குப் போட்டு முடிவு செய்திருக்கிறோம்.

வாங்கும் அல்லது இலவசமாகக் கிடைக்கும் செடி மாடல்களில் வாழை பெரும்பாலும் ஹோட்டல் வரவேற்பறை வாழையாக இருக்கும், ஒரு கிழிசல்கூட இல்லாமல். கொல்லை வாழை அப்படி இருக்காது. நீங்களே செய்வதும் கடினமில்லை. 6 அடிக்கு ஒன்றரை அடிப் பரப்பை எடுத்து, நடுநரம்பை ஒட்டிச் சற்று மடித்து, நுனியைக் கீழே வளையுங்கள். பிறகு விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கி ஐந்தாறு இடங்களில் வெட்டுங்கள். காற்றில் இலை பக்க நரம்பின் வழியாகவே கிழியும், குறுக்கே கிழியாது. வெட்டிய துண்டுகளில் ஒன்றிரண்டை மட்டும் சற்றுக் கீழே தொங்கவிடுங்கள். அடியிலுள்ள பழைய இலை ஒன்று காய்ந்து பழுப்பாகித் தண்டோடு ஒட்டித் தொங்கட்டும். மேலே இருக்கும் புது இலை சுருட்டியபடி, இளம்பச்சையில். இந்த மூன்று நிலையும் ஒரே மரத்தில் இருந்தால் போதும், பார்ப்பவர் சந்தேகப்பட மாட்டார்.

இலையின் `Material` அமைப்பில் `Translucent BSDF` ஒன்றை `Mix Shader` வழியாக 0.3 அளவுக்குக் கலக்குங்கள். சாயங்கால வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வரும்போது இலை மஞ்சள் பச்சையாக ஒளிர வேண்டும். இது இல்லாவிட்டால் பின்வெயிலில் எல்லா இலையும் கறுத்துப் போகும். பச்சையின் அடர்த்தியையும் குறையுங்கள். பத்தில் எட்டுப் படங்கள் இங்கேதான் பொம்மைத்தனமாகின்றன. நீங்கள் எடுத்த இடத்துப் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து ஒப்பிட்டால், நிஜச் செடி எவ்வளவு மங்கல், எவ்வளவு தூசி என்று தெரியும்.

புதருக்குள் கறுப்புத் திட்டுகள் வந்தால் அது நிழல் அல்ல. ஒளி ஊடுருவும் இலைப் படங்கள் பல அடுக்காக இருக்கும்போது, அத்தனையையும் கடந்து போகக் கணக்கு போதவில்லை. `Light Paths` பகுதியில் `Transparent` எண்ணை 8லிருந்து 24 அல்லது 32 ஆக்குங்கள், திட்டு மறையும்.

9. மண், சுவர், பழக்கத்தின் தடம்

ஒரே மண் படத்தைப் பன்னிரண்டு முறை பரப்பினால் கட்டம் கட்டமாகத் தெரியும். பெரிய அளவு `Noise Texture` ஒன்றால் அதன் வெளிச்சத்தை இடத்துக்கிடம் மாற்றுங்கள். கேணியைச் சுற்றி இரண்டடிக்கு மண்ணை இருட்டாக்கி, பளபளப்பைக் கூட்டினால் அங்கே தண்ணீர் சிந்துகிறது என்று புரியும். மதிலின் வெள்ளை 0.8ஐத் தாண்ட வேண்டாம். சுண்ணாம்புச் சுவரின் அடியில் ஓரடி உயரத்துக்கு மழைச் சேறு தெறித்த கறை இருக்கட்டும், தரையும் சுவரும் அப்போதுதான் ஒட்டி நிற்கும்.

வேம்புக்கு அடியில் சருகு கொஞ்சம். பவளமல்லிக்குக் கீழே பூ கொட்டிக் கிடப்பது விடியற்காலைக் காட்சிக்கு மட்டும் பொருந்தும்.

10. ரெண்டரும் அச்சும்

`Cycles` தேர்ந்தெடுத்து, முதலில் கால்வாசி அளவில், 64 `Samples` வைத்துச் சோதனைப் படம் எடுங்கள். `View Transform` இடத்தில் `AgX` இருக்கட்டும். `Standard` வைத்தால் வெயில் படும் கல்லும் சுவரும் வெளுத்துப் போகும். சோதனைப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். செடியடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெயிலின் நேரத்தை அரை மணி முன்னோ பின்னோ நகர்த்த வேண்டும், அல்லது நடு அடுக்கில் வெளிர் இலைச் செடி ஒன்று வேண்டும்.

இறுதிப் படத்துக்கு ஏ3 தாள் என்றால் 3300 புள்ளி அகலம் போதும், 300 முதல் 500 `Samples`. குறைவாக வைத்து `Denoise` செய்தால் இலைகள் மெழுகு உருகியது போல வழியும். அப்படி வந்தால் இரைச்சல் நீக்கத்தைக் கூட்டாமல் `Samples` அளவைக் கூட்டுங்கள்.

திரையில் சரியாக இருந்த படம் அச்சில் ஒரு படி இருட்டாகவே வரும். `Exposure` அளவை 0.3 ஏற்றி ஒரு சிறு தாளில் சோதனை அச்சு எடுத்த பிறகு பெரியதைக் கொடுங்கள். கொடுக்கும்போது படத்தின் ஓரத்தில் மூன்று குறிப்புகளை எழுதிவிடுங்கள்: இது மே மாதம் மாலை நாலரை மணிக் காட்சி, செடிகள் நட்டு இரண்டு வருடம் ஆன அளவு, மேடை தரையிலிருந்து 6 அங்குலம். பாதையும் பெஞ்சும் படம் பார்த்தபின் இடம் மாறியிருந்தால், நந்தியாவட்டை புதிதாக வந்தது உட்பட, அதே நாளில் பிளானையும் திருத்திக் கொடுக்க வேண்டும். கொத்தனார் கையில் இருக்கப்போவது பிளான்தான், இந்தப் படம் அல்ல.